திண்ணையில் நிற்கும் கீபோர்டு

போன மாதம் அக்கா புது ஃபோன் வாங்கினாள். வாங்கிய அன்று இரவே கூப்பிட்டு, "டேய், இதுல எந்தக் கீபோர்டு போடணும்? ஒரே வார்த்தையில சொல்லு, போட்டுட்டுத் தூங்கப் போறேன்" என்றாள். என்னால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்து பிழைப்பவன் நான். பிழை திருத்தும் வேலை, பாதி நேரம் பேருந்திலும் ரயிலிலும் ஃபோனில்தான் நடக்கும். பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ கீபோர்டு மாற்றியிருக்கிறேன். அப்படியிருந்தும் அக்காவுக்குப் பதில் வரவில்லை என்பது இரண்டு மூன்று நாள் மனசில் அரித்துக்கொண்டே இருந்தது. ஃபோனோடு வருவதே போதும் என்பார்கள் சிலர். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று இறக்கு என்பார்கள் சிலர். இரண்டு பக்கமும் நானே வாதாடியிருக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் அக்கா வீட்டிலேயே நடந்த ஒரு சம்பவத்துக்கு அப்புறம்தான், நாம் கேட்கும் கேள்வியே சரியில்லையோ என்று தோன்றத் தொடங்கியது.

அதைச் சொல்வதற்கு முன்னால், கூடவே வரும் கீபோர்டு இருக்கும்போது நான் ஏன் வேறொன்றைத் தேடிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தமிழ்99 வேண்டும், அவ்வளவுதான் காரணம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த விசைப்பலகை அமைப்பு அது. கணினியில் அதில் பழகிய கைக்கு வேறு எதிலும் ஓட்டம் வராது. உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் வலது பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானாக விழுந்துவிடும். 'தங்கம்' என்றால் த, ங, க, ம, அப்புறம் கடைசிப் புள்ளிக்கு ஃ, மொத்தம் ஐந்து. ங-வுக்குப் பின்னால் க வந்தால் அது 'ங்க' என்றுதான் தமிழில் வரும் என்று அந்த அமைப்புக்குத் தெரியும். ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற எல்லாவற்றுக்கும் அதே கதை. 'மமதை' மாதிரி இரண்டு ம-வும் புள்ளியில்லாமல் வரவேண்டிய அபூர்வச் சொல்லுக்கு, நடுவில் ஒரு முறை அ-வைத் தட்டினால் போதும். மொழியின் சேர்க்கை விதியையே விசையில் வைத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு.

ஃபோனுக்கு வரும்போது ஒரு சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. ஆங்கிலத்துக்கு மேல்வரிசையில் பத்து விசை. தமிழ்99இல் ஆ ஈ ஊ ஐ ஏ, அப்புறம் ள ற ன ட ண ச ஞ என்று பன்னிரண்டு. அதே அகலத்தில் பன்னிரண்டை அடுக்கினால் ஒவ்வொரு விசையும் ஒடுங்கிவிடும், பெருவிரல் ட-வுக்குப் போய் ண-வில் விழும். முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருந்தது. அப்புறம் பெருவிரலே இடத்தைக் கண்டுகொண்டது.

எதிர்ப்பக்கத்தில் அக்கா. திருச்சியில் ஆசிரியை, தமிழ் எடுக்கிறாள். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறைதான் அவளுக்குப் பழக்கம். ஃபோனில் தமிழ் எழுதும் பலருக்கும் அதுதான் பழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'vali' என்று அடித்தால் வலி, வழி, வளி மூன்றும் மேலே வந்து நிற்கும். எது வேண்டும் என்று கண்ணால் பார்த்துத் தொடவேண்டும். அவசரத்தில் ஸ்பேஸை அழுத்தினால் முதலில் நிற்பது விழுந்துவிடும். ஒருமுறை பெற்றோர் குழுவுக்கு அவள் அனுப்பிய பாட்டு வரியில் 'மணம் வீசும்' என்பது 'மனம் வீசும்' என்று போய்விட்டது. தமிழ் டீச்சர் அனுப்பிய செய்தியில் அப்படி. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை என்று மாமா சொன்னார். தமிழ்99இலும் நான் தவறான விசையைத் தொடுவது உண்டு. ஆனால் ண-வா ன-வா என்று முடிவு செய்வது நான்தான், கீபோர்டு இல்லை. இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்பேன். வேகம் எல்லாம் அப்புறம்.

இரண்டு எச்சரிக்கை

ஆண்ட்ராய்டில் கீபோர்டு மாற்றுவது உண்மையில் இரண்டு வேலை. பல பேர் ஒன்றை மட்டும் செய்துவிட்டு "மாறவே இல்லை" என்று சொல்வதற்கு அதுதான் காரணம். முதலில் அதை இயக்கத்தில் வைக்க வேண்டும். செட்டிங்ஸில் System, அதற்குள் Keyboard, அதற்குள் On-screen keyboard என்று போனால் பட்டியல் இருக்கும். பழைய ஃபோன்களில் Languages & input என்று இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். அங்கே இறக்கிய கீபோர்டுக்கு எதிரே உள்ள பொத்தானை நகர்த்தினால் இயக்கத்துக்கு வரும், அவ்வளவே. இன்னும் அது இயல்பு கீபோர்டு ஆகவில்லை. எங்காவது எழுதும் இடத்தைத் தொட்டு, கீழே வலது மூலையில் வரும் சின்னக் கீபோர்டு படத்தைத் தொட்டால், இயக்கத்தில் உள்ளவை எல்லாம் வரிசையாக வரும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வேலை. எத்தனை வேண்டுமானாலும் இயக்கத்தில் இருக்கலாம், ஒரு நேரத்தில் முன்னால் நிற்பது ஒன்றுதான்.

முதல் வேலையின்போது ஒரு எச்சரிக்கை வரும். நீங்கள் தட்டும் எல்லாவற்றையும், பாஸ்வேர்டு, கார்டு எண் உட்பட, இந்தக் கீபோர்டு சேகரிக்க முடியும் என்று அது சொல்லும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அந்த வாக்கியம் உண்மைதான், ஆனால் வெளியிலிருந்து இறக்கும் எல்லாக் கீபோர்டுக்கும் ஒரே வாக்கியம்தான் வரும். நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். முடியும் என்றுதான் சொல்கிறது, செய்கிறது என்று சொல்லவில்லை. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும்: அந்த ஆப்புக்கு இணைய அனுமதி இருக்கிறதா? ஆண்ட்ராய்டில் இணைய அனுமதிக்கு யாரும் நம்மைக் கேட்பதில்லை, இறக்கும்போதே கிடைத்துவிடும். கேமரா, மைக் மாதிரி ஒரு கேள்வி எழும்பாது. பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் அனுமதிப் பட்டியலைத் திறந்து, கடைசி வரை இறங்கினால் full network access என்ற வரி இருக்கும் அல்லது இருக்காது. இல்லாவிட்டால், தட்டியதைத் தானே இணையத்தில் அனுப்ப அதற்கு வழியில்லை. ஹெலிபோர்டு என்று திறமூல கீபோர்டு ஒன்று உண்டு, அதில் இணைய அனுமதியே கிடையாது. அதற்கு விலையும் உண்டு. குரல் தட்டச்சு, தேடல், மற்ற ஃபோனோடு சொற்களை ஒத்திசைப்பது மாதிரி இணையம் தேவைப்படும் எதுவும் அதற்குள் இருக்காது.

வெளியிலிருந்து வருவதுதான் ஆபத்து, கூட வருவது பத்திரம் என்று நினைத்திருந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. 2017 டிசம்பரில் ஏஐ.டைப் என்ற கீபோர்டின் பயனர் விவரங்கள், ஏறத்தாழ 3.1 கோடிப் பேருடையவை, பாஸ்வேர்டு இல்லாத ஒரு தரவுத்தளத்தில் திறந்து கிடந்தது வெளியே வந்தபோது அந்த எண்ணம் உறுதியானது. ஆனால் 2024 ஏப்ரலில் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஒரு அறிக்கை வெளியிட்டது. தட்டுவதை இணையம் வழியே நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிச் சொல்லைப் பரிந்துரைக்கும் சீன எழுத்துக் கீபோர்டுகளை ஒன்பது நிறுவனங்களிடமிருந்து எடுத்துச் சோதித்தார்கள். எட்டு நிறுவனங்களின் ஆப்புகளில், தட்டுவதை வழியிலேயே யாராவது படித்துவிடக்கூடிய ஓட்டை இருந்தது. அவற்றில் பல, ஃபோனோடு வரும் கீபோர்டுகள். நாம் சீன மொழியில் எழுதப் போவதில்லை, சரி. இருந்தாலும் கூடவே வந்தது என்பது ஒரு தகுதி இல்லை என்பதை அந்த அறிக்கை எனக்குப் புரியவைத்தது. பார்க்க வேண்டியது, தட்டியது ஃபோனை விட்டு வெளியே போகிறதா, போனால் எதற்காக என்பது. வேண்டாதபோது அதை நிறுத்த நமக்கு வழி இருக்கிறதா என்பதும்.

இன்னொன்று, பயப்படுகிறவர்களுக்காக. யூபிஐ பின் போடும் திரையில் வரும் எண் பலகை நம் கீபோர்டு இல்லை. பணம் அனுப்பும் அமைப்பே தன் பலகையை அங்கே வரைகிறது. நீங்கள் எந்தக் கீபோர்டு வைத்திருந்தாலும் அது அந்த நான்கு அல்லது ஆறு எண்ணைப் பார்க்காது.

இதெல்லாம் முதல் எச்சரிக்கையைப் பற்றி. சில கீபோர்டுகளுக்கு மட்டும், முதலாவதற்கு சரி கொடுத்தவுடன் இரண்டாவது ஒன்று வரும். சின்னது, ஒரே வரி: After a reboot, this app can't start until you unlock your phone. முதலாவதைப் படித்து யோசித்து முடிவெடுத்தவன், இரண்டாவதும் அதே மாதிரி ஏதோ என்று விரலை வைத்துவிட்டுப் போய்விடுவான். நான் அப்படித்தான் போனேன்.

பெரம்பலூரில் இறங்கிய பேட்டரி

இரண்டு வருடம் முன்னால், தமிழ்99க்காக ஒரு கீபோர்டை இறக்கி அதை இயல்பாக்கியிருந்தேன். பெயர் வேண்டாம், தவறு அதனுடையது இல்லை. கூட வந்த கீபோர்டு அடிக்கடி குறுக்கே வந்துகொண்டிருந்தது. கை தவறி அந்தச் சின்னப் படத்தில் பட்டால் அது வந்துவிடும், திரும்ப மாற்றவேண்டும். எரிச்சலில் ஒரு நாள் அதன் ஆப் விவரப் பக்கத்துக்குப் போய் Disable அழுத்திவிட்டேன். நீக்க முடியாத ஆப்பைத் தூங்கவைப்பது மாதிரி அது. பட்டியலில் என்னுடையது மட்டும் நின்றது. ஒரு மாதம் போல நிம்மதியாக எழுதினேன்.

சென்னையிலிருந்து அக்கா வீட்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு புத்தகத்தின் பிழைதிருத்தம், நான்கு மணி நேரம் திரையை அணைக்கவே இல்லை. பெரம்பலூர் தாண்டுகையில் ஃபோன் அணைந்தது. ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய் சார்ஜில் போட்டு, காப்பி குடித்துவிட்டு, எழுப்பினேன். பூட்டுத் திரை வந்தது. மறுதொடக்கத்துக்குப் பின் முதல் முறை கைரேகையை ஏற்காது, பாஸ்வேர்டுதான் கேட்கும், அது தெரியும். பாஸ்வேர்டு இடத்தைத் தொட்டேன். கர்சர் துடித்தது. கீழே ஒன்றுமே வரவில்லை. கீபோர்டு எழும்ப வேண்டிய இடத்தில் என் பின்னணிப் படம்தான் தெரிந்தது. மறுபடி தொட்டேன், அணைத்து எழுப்பினேன், மூன்று முறை. கர்சர் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு அழைப்பு வந்தது. வெறும் எண், பெயர் இல்லை. எடுத்தால் பத்து வருட நண்பனின் குரல். பேசலாம், எடுக்கலாம், ஆனால் என் ஃபோனுக்கு என் நண்பனைத் தெரியவில்லை. வாட்ஸப்பில் ஒரு செய்தியும் வரவில்லை. திருத்திய கோப்பு உள்ளே இருந்தது, மறுநாள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டியது.

ஏன் அப்படி என்று பின்னால்தான் விளங்கிக்கொண்டேன். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7இலிருந்து ஃபோனின் சேமிப்பு இரண்டு பாகம். நம் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள், திண்ணையும் உள்வீடும். ஃபோன் எழுந்தவுடன் திண்ணை திறந்துவிடும். அழைப்பை எடுப்பது மாதிரி அவசியமான சில வேலைகள் அங்கிருந்தே நடக்கும். உள்வீடு நம் பாஸ்வேர்டால் பூட்டியது. தொடர்புப் பட்டியல், செய்திகள், படங்கள் எல்லாம் அங்கே. நாம் இறக்கும் ஆப்புகளின் தரவும் அங்கேதான் இருக்கும். பாஸ்வேர்டு போடும்வரை அந்த ஆப்புகள் எழவே எழாது. திண்ணையில் நின்று வேலை செய்யத் தயார் என்று தன் கோப்பிலேயே அறிவித்துக்கொண்ட ஆப்பு மட்டும்தான் அதற்கு முன்னால் ஓடும். ஃபோனோடு வரும் கீபோர்டு அப்படி அறிவித்திருக்கும். நான் இறக்கியது அறிவிக்கவில்லை. சாதாரணமாக அப்படிப்பட்ட நிலையில், ஃபோன் தானாகவே கூட வந்த கீபோர்டைப் பூட்டுத் திரைக்கு அழைத்துக்கொள்ளும், திறந்ததும் நம்முடையதைத் திரும்ப நிறுத்தும். நமக்கு அது நடந்ததே தெரியாது. நான் அதைத்தான் தூங்கவைத்திருந்தேன். உள்ளே போகத் தட்ட வேண்டும், தட்டுவதற்கான கீபோர்டு உள்ளே இருக்கிறது. அந்த இரண்டாவது எச்சரிக்கை இதைத்தான் சொல்லியிருந்தது.

நான்கு எண் பின் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. பின்னுக்கான எண் பலகையைப் பூட்டுத் திரையே வரையும். கோலம் மாதிரி இழுக்கும் பேட்டர்னும் அப்படியே. எழுத்து கலந்த பாஸ்வேர்டுக்குத்தான் கீபோர்டு ஆப்பு தேவை. பத்திரம் என்று நினைத்து நான் வைத்திருந்தது அதுதான்.

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஃபோன் கடைக்குப் போனோம். பார்த்துவிட்டு, ரீசெட் போட்டுத் தருகிறேன், எல்லாம் போய்விடும் என்றார்கள். நான் வேண்டாம் என்று திரும்பும்போது, பக்கத்தில் நின்ற ஒரு பையன், "அண்ணே, ஓடிஜி போட்டு கம்ப்யூட்டர் கீபோர்டைச் செருகிப் பாருங்களேன்" என்றான். கடையிலேயே அந்தச் சின்ன இணைப்பான் இருந்தது, நூறு ரூபாய்க்குள். வீட்டுக்கு வந்து, அக்கா மதிப்பெண் பட்டியல் அடிக்கும் மேசைக் கணினியின் கீபோர்டைக் கழற்றி, இணைப்பான் வழியாக ஃபோனில் செருகினேன். ஒரு எழுத்தைத் தட்டினேன். பாஸ்வேர்டு கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. கேப்ஸ் லாக் எரியவில்லையா என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, பதினோரு புள்ளி. என்டர். திறந்தது. விட்டுப்போன செய்திகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குத்தான் நான் எதையும் மாத்துறதில்ல" என்றாள்.

அந்தப் பையன் இல்லையென்றால் அன்றைக்கு நான் ரீசெட்டுக்கு ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் இந்த வழியையும் நம்பி உட்காரக் கூடாது. பூட்டியிருக்கும்போது யூஎஸ்பி வழியாக எதையும் ஏற்காத பாதுகாப்பு ஏற்பாடு சில புது ஃபோன்களில் இருக்கிறது, அங்கே இது நடக்காது.

ஐஃபோன்காரர்களுக்கு ஏன் இது வராது

நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, தன் ஐஃபோனில் இப்படி நடந்ததே இல்லை என்றான். நடக்காது. ஆப்பிள் வெளியார் கீபோர்டுகளை அனுமதித்ததே 2014இல், ஐஓஎஸ் 8இல்தான். அனுமதித்தபோதே பாஸ்வேர்டு கட்டங்களில் அவை வரக்கூடாது என்று வைத்துவிட்டார்கள். அங்கே தொட்டால் ஆப்பிளின் சொந்தக் கீபோர்டு வந்துவிடும். பயனருக்கு அது சில நேரம் எரிச்சல்தான், பாதியில் கீபோர்டு மாறுகிறதே என்று. இணைய அனுமதிக்கும் அங்கே கண்ணுக்குத் தெரியும் ஒரு பொத்தான் இருக்கிறது, Allow Full Access என்று. அதைக் கொடுக்காவிட்டால் கீபோர்டு வெளியே எதையும் அனுப்ப முடியாது. ஆண்ட்ராய்டில் அந்தப் பொத்தான் இல்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு. அதைவிட, தமிழ்99உம், ஆங்கில எழுத்தின் ஒலிப்படி தட்டும் அஞ்சல் அமைப்பும் ஐஃபோனிலேயே இருக்கின்றன. என்னைப் போன்றவன் அங்கே வெளியே தேடிப்போகக் காரணம் குறைவு. ஆண்ட்ராய்டில் தமிழ்99 வேண்டுமென்றால் செல்லினம், இண்டிக் கீபோர்டு மாதிரி ஒன்றை இறக்கினால் கிடைக்கும். முன்னது மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் உழைப்பு, பின்னது திறமூலம். உங்கள் ஃபோனில் கூட வந்ததிலேயே அந்த அமைப்பு ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீபோர்டின் மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்ததும் வரும் அமைப்புகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்காமலே இறக்கப் போகிறவர்கள் நிறைய.

அக்காவின் ஃபோனில்

ஆக, அக்காவுக்கு என்ன சொன்னேன்? ஒரு வார்த்தை கிடைக்கவில்லை, அடுத்த ஞாயிறு நேரிலேயே போய்விட்டேன். கூட வந்த கீபோர்டைத் தொடாதே, அது இயக்கத்திலேயே இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுப் பார்ப்போம் என்றேன். எது நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்த இத்தனை வருடமும் ஒன்று இன்னொன்றின் இடத்தைப் பிடிக்கிறது என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒன்று திண்ணையில் நிற்பது, மற்றது உள்ளே நாள் முழுக்க வேலை செய்வது. இரண்டாவதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், முதலாவது நிற்கிறவரை.

ஒரு தமிழ்99 கீபோர்டை இறக்கினோம். அனுமதிப் பட்டியலை அவளையே படிக்கச் சொன்னேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். முதல் எச்சரிக்கை வந்தது. இரண்டாவது வரவில்லை. அது வராதது நல்ல அடையாளம்தான், ஆனால் நான் அதோடு விடவில்லை. அவளும் என்னைப் போல எழுத்து பாஸ்வேர்டுதான் வைத்திருக்கிறாள். புதியதை இயல்பாக்கிய கையோடு, வேறு எதுவும் செய்வதற்கு முன்னால், ஃபோனை அணைத்து எழுப்பச் சொன்னேன். பூட்டுத் திரையில் கீபோர்டு வந்தது. எழுத்துகளைத் தட்டி உள்ளே போனாள். சோதிக்க வேண்டியது இந்த இடத்தில்தான், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது. பெரம்பலூர் தாண்டி இல்லை.

கீபோர்டின் மேலே வரும் சொல் பரிந்துரைகள் முதல் நாளில் மொட்டையாக இருந்தன. பழையதற்கு அவள் மாணவர்கள் பெயரெல்லாம் தெரியும், தட்டத் தொடங்கினாலே வந்து நிற்கும். புதியதற்கு ஒன்றும் தெரியாது. கற்றுக்கொண்ட சொற்கள் அந்தந்தக் கீபோர்டின் வயிற்றுக்குள்தான் இருக்கும், மாற்றும்போது கூட வராது. மாறிய முதல் வாரத்தில் "பழையதே நல்லா இருந்துச்சு" என்று நிறையப் பேர் திரும்பிப் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டு கீபோர்டையும் ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, இரண்டு வருடம் பழகிய ஒன்றை நேற்று வந்த ஒன்றோடு ஒப்பிடுகிறோம். குறைந்தது மூன்று வாரம் கொடு என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவசரமாக அனுப்ப வேண்டியதற்குப் பழையதற்கே மாறிக்கொள், கீழே அந்தச் சின்னப் படம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

ண எங்கே, ன எங்கே என்று முதல் இரண்டு நாள் தேடியிருக்கிறாள். 'வணக்கம்' என்று எழுத முதல் முறை ஒரு நிமிடம் ஆனது என்றாள், நான் நம்புகிறேன். க-வை இரண்டு முறை தட்டியதும் புள்ளி தானாக விழுந்ததைப் பார்த்துவிட்டு ஃபோனில் கூப்பிட்டு, "டேய், இதுக்கு இலக்கணம் தெரியுதுடா" என்றாள். நேற்று இரவு பெற்றோர் குழுவுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பியிருந்தாள், பள்ளி ஆண்டு விழா பற்றி, எட்டு வரி. எனக்கும் ஒரு படி வந்தது. 'மணம் வீசும் மலர்கள்' என்ற பாட்டுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடுகிறார்களாம். இப்போது ஓய்வு நேரத்தில் வகுப்பில் உள்ள பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக அந்தக் கீபோர்டுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்தெட்டுப் பேர், யாழினி வரைக்கும் வந்திருக்கிறாள்.